உங்கள் கடையைப் பற்றிப் பத்திரிகை ஏன் எழுத வேண்டும்?

சில காலத்துக்கு முன், கார்த்திகை மாதத்து மழைநாளொன்றில், மட்டக்களப்பு நகருக்கு அணித்தான ஓர் ஊரிலிருந்து ஒரு பெண்மணி நம்மைக் காண வந்திருந்தார். தம் வீட்டு விறாந்தையிலேயே இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு பதினான்கு வருடங்களாகத் தொழில் நடத்துபவர் அவர். கையிலிருந்த உறையைத் திறந்து ஒரு கடிதத்தின் பிரதியை எடுத்து நம் முன்னே வைத்தார்.

“ஐயா, இதைப் பத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். ஒன்றாவது போடவில்லை. பதில்கூட இல்லை. கொழும்பில் ஆளைத் தெரிந்தால்தான் போடுவார்களாமே?” என்று கேட்டார்.

பத்திரிகாலயத்தின் மேசையொன்றில் நெடுங்காலம் இருந்து, நாள்தோறும் வந்து குவியும் கடிதங்களைப் பிரித்துப் படித்தவர்கள் நாம். ஆகவே அவர் கேட்ட கேள்வி நமக்குப் புதியதன்று. கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். தமது தையலகத்தில் சகலவிதமான ஆடைகளும் நவநாகரிக முறையில், நியாயமான கூலிக்கு, குறித்த தவணையில் தைத்துக் கொடுக்கப்படுமென்றும், ஆதரவு நல்குமாறும் அதில் எழுதியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு பிழையுமில்லை. ஆனால் அதைப் படித்த எந்த ஆசிரியரும் அதனை விளம்பரப் பகுதிக்கு அனுப்பியிருப்பார், அல்லது ஒதுக்கி வைத்திருப்பார். நாமும் அதனையே செய்திருப்போம்.

அவரிடம் நாம் மறைக்கவில்லை. “தங்கச்சி, இது உங்களுக்கு வேண்டியதைச் சொல்லுகின்ற கடிதம். வாசகனுக்கு வேண்டியது இதிலே எங்கேயிருக்கிறது?” என்று கேட்டோம். அவர் முகம் சற்று வாடியது. ஆனால் எழுந்து போய்விடவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் இருந்து பேசினார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த கதையையும், அது அச்சேறிய விதத்தையும் இங்கே எழுதுகிறோம். சிறு தொழில் செய்யும் நேயர்கள் பலருக்கு இதே ஐயம் உண்டென்பதை நாம் அறிவோம்.

செய்தி எது, விளம்பரம் எது?

விளம்பரம் என்பது பணங்கொடுத்து வாங்கும் இடம். அதிலே நீங்கள் விரும்பியதை விரும்பியவாறு சொல்லலாம். செய்தி அவ்வாறன்று. அந்த இடத்தை ஆசிரியர் வாசகனுக்காக வைத்திருக்கிறார். ஒரு கடை இருக்கிறது என்பது செய்தியாகாது. நாட்டிலே ஆயிரக்கணக்கான கடைகள் இருக்கின்றன. ஒரு கடையில் ஏதோவொன்று நடந்தது, அல்லது அங்கே ஏதோவொன்று மாறிக்கொண்டு வருகிறது, அது கடைக்காரரல்லாத பிறரையும் தொடுகிறது என்றால் அங்கே செய்தி பிறக்கிறது.

இதற்கு அந்தப் பெண்மணிக்கு நாம் எடுத்துச் சொன்ன உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. 1976ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பிறைற்றன் என்னும் கடற்கரை நகரில், அனிதா ரொடிக் என்ற பெண்மணி நாலாயிரம் பவுண் கடன்பட்டு ஒரு சிறு கடை திறந்தார். தேகத்துக்குப் பூசும் பூச்சுக்களும் எண்ணெய்களும் அங்கே விற்பனைக்கு இருந்தன. கடைக்கு அவர் இட்ட பெயர் ‘பொடி ஷொப்’ என்பது. ‘பொடி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உடல் என்றும் பொருள், பிணம் என்றும் பொருள். அயலிலே மரணச் சடங்கு நடத்தும் நிலையங்கள் இருந்தன. இப்படியொரு பெயர்ப்பலகை பக்கத்திலே தொங்கினால் தமது தொழில் என்னாவது என்று அவர்கள் கலங்கி, பெயரை மாற்றும்படி வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பினார்கள்.

ரொடிக் என்ன செய்தார்? அவ்வூர் மாலைப் பத்திரிகைக்குத் தொலைபேசியில் பேசினார். பூச்சுக்களின் மேன்மையைப் பற்றி அவர் பேசவில்லை. இரண்டு குழந்தைகளின் தாயொருத்தி தனித்து ஒரு கடை திறக்க முயல்கிறாள், மரணச் சடங்கு நடத்துவோர் அவளை மிரட்டுகிறார்கள் என்றார். பத்திரிகை அதனை நடுப்பக்கத்தில் விரிவாக வெளியிட்டது. கடையின் பெயர் ஊரெங்கும் பரவியது. அதற்காக ஒரு பவுணும் செலவாகவில்லை. பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை அவரே விவரித்திருக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் செய்தியிலிருந்து கடையின் பெயரை நீக்கிவிட்டாலும் செய்தி நிற்கும். தனித்த பெண், பலம்பொருந்திய எதிராளிகள், சிரிப்பூட்டும் ஒரு பெயர், முடிவு தெரியாத ஒரு பிணக்கு. இவை அவ்வளவும் கடைக்கு வெளியே உள்ளவனையும் இழுக்கும். நம் பெண்மணியின் கடிதத்திலிருந்து கடையின் பெயரை நீக்கினாலோ எஞ்சுவது ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தையும் இவ்வாறே சோதித்துப் பாருங்கள்.

கொப்பிக்குள் இருந்த கதை

“எனக்கு அப்படியொரு சண்டையும் இல்லையே, ஐயா” என்றார் அவர்.

சண்டை வேண்டியதில்லை. தொழில் செய்பவர் ஒவ்வொருவரும், மற்றவர்கள் காணாத ஏதோவொன்றை நாள்தோறும் காண்கிறார். மருந்துக்கடைக்காரருக்கு ஊரில் எந்த நோய் பெருகுகிறதென்பது முன்னதாகவே தெரியும். துவிச்சக்கரவண்டி திருத்துபவருக்கு எந்த வீதி பழுதென்பது தெரியும். ஆகவே அவரிடம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டோம். ஐந்து வருடங்களுக்கு முன் வராத எந்த வேலை இன்று உங்களிடம் வருகிறது? வாடிக்கையாளர் உங்களிடம் அடிக்கடி கேட்பது என்ன? நீங்கள் செய்வதைப் பார்த்து மற்றவர்கள் வியப்பது எதைக் கண்டு?

முதலாம் இரண்டாம் கேள்விகளுக்கு அவர் ஒரே மறுமொழியைச் சொன்னார்: “இப்போது புதிதாகத் தைப்பதைவிடப் பழைய பள்ளிக்கூடச் சீருடையைப் பெருப்பித்துத் தரும்படி கேட்பவர்கள்தான் அதிகம்.”

“எவ்வளவு அதிகம்?”

அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வரும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதும் வழக்கம் அவரிடம் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய கொப்பிகளை எடுத்து எண்ணிப் பார்க்கும்படி சொல்லியனுப்பினோம். ஒரு கிழமை கழித்துக் கணக்கோடு வந்தார். 2019ஆம் ஆண்டின் பாடசாலைத் தொடக்கத்துக்கு முந்திய ஆறு கிழமைகளில் அவரிடம் வந்த சீருடைகள் 98. அவற்றுள் பழையவற்றைத் திருத்தியவை 12 மாத்திரமே. மிக அண்மைய பாடசாலைத் தொடக்கத்துக்கு முன் அதே ஆறு கிழமைகளில் வந்தவை 126. அவற்றுள் திருத்தியவை 71. எட்டிலொன்றாக இருந்தது பாதிக்கு மேலாகிவிட்டது.

இதுவே செய்தி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலைவாசி குடும்பங்களை எவ்வாறு மாற்றியிருக்கிறதென்று பத்திரிகைகளில் எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு தையற்காரியின் கொப்பியிலிருந்து அதனைக் காட்டியவர் எவருமில்லை. ஒரு பெரிய விஷயத்தைச் சிறிய, கையால் தொடக்கூடிய ஒரு பொருளின் மூலம் காட்ட முடிந்தால் பத்திரிகையாளர் அதனை விரும்பி ஏற்பார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை செய்தோம். இந்த எண்கள் ஒரு விறாந்தையின் கணக்கே யொழிய நாட்டின் கணக்கல்ல. “மட்டக்களப்புப் பெற்றோர்கள் புதுச்சீருடை வாங்குவதில்லை” என்று எழுதினால் அது பொய். “எமது தையலகத்துக்கு வந்தவற்றுள்” என்றே எழுத வேண்டும். உள்ளதைவிட ஒரு முழம் கூட்டிச் சொன்னாலும் விசாரிக்கும் நிருபர் அதைக் கண்டுபிடித்து விடுவார். அதன்பின் உண்மையான பகுதியையும் அவர் நம்ப மாட்டார்.

செய்தியோடு வாசகனுக்குப் பயன்படும் ஏதேனும் இருந்தால் குடும்பப் பகுதி ஆசிரியருக்கு அது இரட்டிப்பு மகிழ்ச்சி. மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன மறுமொழியில் அதுவும் கிடைத்தது. தேய்ந்துபோன சட்டைக் கொலரைக் கழற்றி, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பித் தைத்தால் சட்டை புதிதுபோலாகிவிடும். பெண்பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைத் தைக்கும்போதே கீழ்மடிப்பை ஓர் அங்குலத்துக்குப் பதில் மூன்று அங்குலமாக வைத்துவிட்டால் இரண்டு வருடம் இறக்கி இறக்கி உடுக்கலாம். மடிப்பை இறக்கும்போது தெரியும் பழைய கோட்டின்மேல் ஒரு மெல்லிய மடிப்புத்தையல் போட்டால் அது அலங்காரம்போல் தோன்றும். ஒரு தாய் கத்தரித்து வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் இவை.

யாருக்கு, எப்போது எழுதுவது?

பத்துப் பத்திரிகைகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பியது அவர் செய்த இரண்டாவது தவறு. “ஆசிரியர் அவர்கட்கு” என்று பொதுவாக வரும் கடிதம் எவருடையதுமல்ல. ஒரு பத்திரிகையை எடுத்து, அடுத்தடுத்து நான்கு ஞாயிறு இதழ்களைப் படித்துப் பாருங்கள். குடும்பம், சிக்கனம், தொழில் பற்றிய கட்டுரைகள் எந்தப் பக்கத்தில் வருகின்றன, எவர் பெயரில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் அண்மையில் எழுதியது என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சீருடை பற்றி அவர் போன மாதமே எழுதியிருந்தால், அதே கதையை அவரிடம் கொண்டுபோவதில் பயனில்லை.

நமது நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. அநேகமாக ஒவ்வொரு பிரதேசத்திலும் பத்திரிகைகளின் பிரதேச நிருபர்கள் இருக்கிறார்கள். அவர்களுட் பலர் மாதச் சம்பளத்துக்கன்றி, அச்சாகும் செய்திக்கு ஏற்ப ஊதியம் பெறுபவர்கள். அவர்களுக்கும் நல்ல கதை வேண்டும். ஆனால் எதைப் போடுவதென்று தீர்மானிப்பது தலைமைக் காரியாலயத்தில் இருக்கும் ஆசிரியபீடம். பிரதேச நிருபர் அன்றாடச் செய்திக்கு உகந்தவர்; ஞாயிறு இணைப்பின் நீண்ட கட்டுரைக்கு அந்தப் பக்கத்தின் பொறுப்பாசிரியரே உகந்தவர். நம் பெண்மணி பின்னவரைத் தெரிந்தெடுத்தார்.

காலமும் முக்கியம். ஞாயிறு இணைப்பின் பக்கங்கள் சனிக்கிழமை இரவில் செய்யப்படுவன அல்ல. பல நாட்களுக்கு முன்னரே முடிவுற்றுவிடும். பருவத்தோடு ஒட்டிய விஷயமானால் மூன்று கிழமை முன்னதாகவாவது எழுத வேண்டும். சீருடைக் கதையைப் பாடசாலை திறந்தபின் அனுப்பினால், பொங்கல் கழிந்தபின் கரும்பு விற்பதைப் போன்றதே. கார்த்திகை கடைசியில் எழுதினால் மார்கழி நடுவில் அச்சேறும். பெற்றோர்கள் பெட்டியைத் திறந்து பழைய சீருடையை எடுத்துப் பார்க்கும் வேளையும் அதுவே.

அந்தக் கடிதம்

இப்போதெல்லாம் மின்னஞ்சலிலேதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அவர் எழுதி, நாம் வெட்டித் திருத்திய கடிதத்தை இங்கே தருகின்றோம். தலைப்பு வரியில், ‘சீருடை: ஒரு தையற்காரியின் கொப்பி சொல்வது’ என்றிருந்தது. கீழே இவ்வாறு:

“அன்புடையீர், பழைய சீருடைகளைத் திருத்தித் தரும்படி எமது தையலகத்துக்கு 2019ஆம் ஆண்டின் பாடசாலைத் தொடக்கத்துக்கு முந்திய ஆறு கிழமைகளில் வந்தவை 98க்கு 12. சென்ற முறை 126க்கு 71. பதினான்கு வருடமாக நான் எழுதிவரும் வேலைக் கொப்பியில் இக்கணக்கு இருக்கிறது. இன்னும் ஐந்து கிழமைகளில் பாடசாலை புத்தாண்டு தொடங்குவதால் உங்கள் பக்கத்தின் வாசகர்களுக்கு இது பயன்படலாமென எண்ணுகிறேன். சிக்கனச் சமையல் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தே உங்களுக்கு எழுதத் துணிந்தேன். கொப்பிகளை நேரிலே பார்க்கலாம். தம் அனுபவத்தைக் கூற இரண்டு தாய்மார் சம்மதித்திருக்கின்றனர். ஒரு சீருடையை இரண்டு வருடம் உடுக்கச் செய்யும் தையல் முறைகளையும் காட்டித் தருவேன். காலை ஒன்பது மணிமுதல் மாலை ஆறு மணிவரை இந்த இலக்கத்தில் பேசலாம். இதனை வேறெந்தப் பத்திரிகைக்கும் இன்னும் அனுப்பவில்லை.”

அவ்வளவே. முதல் இரண்டு வாக்கியங்களிலேயே செய்தி இருக்கிறது. மூன்றாவது, நம்புவதற்கு ஆதாரம். நான்காவது, இப்போது ஏன் என்பது. பின்பு, கட்டுரை எழுதுபவருக்கு வேண்டியவை எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றனவென்ற உறுதி. கூலி விபரமோ, “ஆதரவு தாருங்கள்” என்ற வேண்டுகோளோ இல்லை. கடையின் பெயர் கையெழுத்தின் கீழே ஒரேயொரு தரம் மட்டும் வருகிறது.

சிறிய காரியங்களிலேதான் பல நல்ல கடிதங்கள் கெட்டுப்போகின்றன. பாமினி முதலிய பழைய எழுத்துருவில் தட்டெழுதி அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளாகவே தோன்றும். யுனிகோட் முறையில் எழுத வேண்டும். விஷயத்தை இணைப்புக் கோப்பில் வைக்காமல் கடிதத்தின் உடலிலேயே எழுத வேண்டும்; இணைப்பைத் திறக்க நேரமில்லாதவர் அப்படியே விட்டுவிடுவார். புகைப்படம் ஒன்றிரண்டு போதும். கடைவாசலில் நின்றெடுத்த படம் வேண்டாம். கை வேலை செய்யும் படம் வேண்டும். அவர் அனுப்பியது, பாதி திருப்பப்பட்ட கொலரின் படம்.

நான்கு நாட்கள் மறுமொழி வரவில்லை. பெண்மணி மனமுடைந்தார். ஐந்தாம் நாள் மறுபடியும் எழுதும்படி சொன்னோம். ஆனால் “என் கடிதம் கிடைத்ததா?” என்று மட்டும் கேட்பது பாரம். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தக் கிழமையில் மட்டும் ஒன்பது பழைய சீருடைகள் வந்துவிட்டன என்று இரண்டே வரியில் எழுதினார். அன்று பிற்பகலே தொலைபேசி அழைப்பு வந்தது. அப்போதும் வராதிருந்தால் அந்தப் பத்திரிகையை விட்டு இன்னொன்றுக்குச் சென்றிருக்க வேண்டும். ஒரே கதையை ஒரே வேளையில் இருவருக்குக் கொடுத்து, இருவரும் அச்சிட்டுவிட்டால் இருவருடைய நம்பிக்கையும் போய்விடும்.

கேட்கப்பட்ட கேள்வி

எழுத வந்தவர் இளம் பெண் பத்திரிகையாளர். அவர் முதலிற் கேட்டது: “அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கின்றதே, அக்கா? பிறகேன் பழையதைத் திருத்துகிறார்கள்?”

இப்படியொரு கேள்வி வருமென்று நாம் எதிர்பார்த்திருந்தோம். தம் கதைக்கு எதிராகச் சொல்லக்கூடியது எது என்பதைக் கதைக்குரியவரே முதலில் தேடிப் பார்க்க வேண்டும். துணி இலவசமாயினும் தையற்கூலி பெற்றோருடையதென்றும், கிழமையில் ஐந்து நாளும் ஒரே சீருடையைத் தோய்த்து உடுக்க முடியாதென்றும், ஆகவே இரண்டாவது சீருடைக்கே பழையதைத் தேடுகிறார்களென்றும் அவர் சொன்னார். 71இல் எத்தனை இரண்டாவது சீருடையென்று தமக்குத் தெரியாதென்றும் ஒப்புக்கொண்டார். தெரியாததைத் தெரியாதென்றதால் மற்றவற்றுக்கு மதிப்புக் கூடியது. கட்டுரையை அச்சுக்கு முன் காட்டும்படி அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது முறையன்று. எண்களை மட்டும் ஒருமுறை வாசித்துச் சரிபார்க்கும்படி கேட்டார். பத்திரிகையாளர் மகிழ்ந்து செய்தார். போகும்போது ஒரு சேலையைப் பரிசாகக் கொடுக்க நினைத்தவரை நாம் முன்னமே தடுத்திருந்தோம். தேநீரோடு நின்றது.

ஆனால் எல்லாவற்றிலும் கடினமான பகுதி வேறு. கடிதம் எழுதுமுன் அவர் மூன்று தாய்மாரைக் கேட்டிருந்தார். இருவர் சம்மதித்தனர். மூன்றாமவரின் கதையே மூன்றிலும் உருக்கமானது. ஒரே சட்டையை மூத்தவளுக்கும் பின் இளையவளுக்குமாக நான்கு முறை திருத்தியவர் அவர். பத்திரிகையில் வந்தால் பெரிதாகப் பேசப்பட்டிருக்கும். அந்தத் தாய் சொன்னது: “என் பிள்ளை உடுத்திருப்பது பழசு என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது, அக்கா. தெரியவும் வேண்டாம்.”

பெயரில்லாமல் எழுதலாமே என்று பெண்மணி நம்மிடம் கேட்டார். சிறிய ஊர், நான்கு முறை திருத்திய சட்டை என்றால் எவருடையதென்று அயலார் கண்டுகொள்வார்கள். வேண்டாம் என்றோம். கடையின் கொப்பி கடைக்காரருடையது. அதில் எழுதப்பட்ட வாழ்க்கைகள் வாடிக்கையாளருடையவை. பத்திரிகையாளர் கொப்பியைப் பார்க்கும்போது பெயர்களின்மேல் ஒரு கடதாசித் துண்டை வைத்து மறைத்தார் அந்தப் பெண்மணி. பிள்ளைகளின் முகம் எந்தப் படத்திலும் வரவில்லை.

செய்தி திரும்பி வரும் என்பதையும் மறக்கலாகாது. மேலே சொன்ன ரொடிக்கின் கடை உலகெங்கும் கிளைவிட்டது. பல வருடங்களின் பின், 1994இல், ஜோன் என்ரைன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதன் வரலாற்றை ஆராய்ந்து கடுமையான கட்டுரையொன்று எழுதினார். அதே பெயரில் கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு முதல் ஒரு கடை இருந்ததும், அப்பெயரின் உரிமையை ரொடிக்கின் நிறுவனம் 1987இல் பணங்கொடுத்து வாங்கியதும் அப்போது பரவலாகப் பேசப்பட்டன. தன் கதையைச் சொல்லிப் பெயரெடுத்தவரின் கதையைப் பிறர் பின்னாளில் சோதிப்பர். சொன்னது முழுதும் உண்மையாயிருந்தால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அச்சேறிய பின்

மார்கழி நடுவில் ஒரு ஞாயிறன்று கட்டுரை முக்காற் பக்கத்தில் வெளியாயிற்று. கடையின் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருந்தது, முகவரி இல்லை. பெண்மணிக்குச் சற்று மனக்குறை. ஆனால் அதுதான் வழக்கம். ஊரின் பெயரும் கடையின் பெயரும் இருந்தால் தேடுபவர் கண்டுபிடிப்பார்.

இரண்டு நாட்களில் நாற்பதுக்கு மேற்பட்ட அழைப்புக்கள் வந்தன. இதற்கு அவர் ஆயத்தமாக இருக்கவில்லை. இரண்டு இயந்திரங்களில் ஒரு நாளைக்கு எட்டுச் சீருடைகளையே திருத்த முடியும். முதல் நாள் எல்லோருக்கும் “ஆம்” என்றார். இரண்டாம் நாள் உறங்கவில்லை. மூன்றாம் நாள் நம் சொற்படி, தை மாதம் ஐந்தாந் தேதிக்கு முன் இத்தனைதான் ஏற்பேன் என்று கணக்கிட்டு, மேலதிகமாக வந்தவர்களை அயலூர்த் தையற்காரி ஒருவரிடம் அனுப்பினார். கட்டுரை வருவதற்கு முன்னரே இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். வந்தவரைத் திருப்பியனுப்பும் கடைக்குப் பத்திரிகைப் பெயர் நன்மையிலும் தீமையே மிகுதியாகச் செய்யும்.

பலன் என்ன என்பதை அறியவும் அதே கொப்பி உதவியது. புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும் “எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?” என்று கேட்டு, பத்திரிகை என்றால் பெயருக்கு அருகே ஒரு சிறு புள்ளி வைத்தார். அழைத்தவர்கள் நாற்பதுக்கு மேல். உண்மையில் துணியோடு வந்தவர்கள் 23. அவர்களுள் பங்குனி மாதத்துக்குப் பின்னும் வேறு வேலைகளோடு வந்தவர்கள் 9. ஒரு கட்டுரையின் நிலையான பயன் அவ்வளவே என்று சொல்லலாம். ஒன்பது நல்ல வாடிக்கையாளர்கள் ஒரு விறாந்தைத் தையலகத்துக்குச் சிறிய காரியமல்ல. ஆனால் ஒரு கட்டுரையால் வாழ்வே மாறிவிடுமென்று எண்ணியிருந்தால் அவர் ஏமாந்திருப்பார்.

கட்டுரை வெளிவந்த கிழமையின் கடைசி நாளில், சம்மதம் மறுத்த அந்தத் தாயும் வந்தாராம். பையிலே அதே சட்டை. ஐந்தாவது முறையாக மடிப்பை இறக்க வேண்டியிருந்தது. விறாந்தையில் புதியவர்கள் நால்வர் காத்திருந்தார்கள். எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பத்திரிகையைப் பார்த்ததாகவும், நன்றாயிருந்ததாகவும் சொல்லிவிட்டுப் போனாராம். கொப்பியில் அவர் பெயருக்கு அருகே புள்ளியில்லை. அவர் பத்து வருடத்து வாடிக்கையாளர்.